மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜை எட்டு வரி ரிப்போர்ட்டாக்குவது எப்படி

லாரி ஆபீசில் நைட் ஷிஃப்ட்டுக்குப் புதிதாக வருபவருக்கு முதல் வாரத்திலேயே புரிந்துவிடும்: டிரைவர்கள் எழுதி அனுப்பமாட்டார்கள், பேசி அனுப்புவார்கள். ஒரு கையில் டீ, பக்கத்தில் ஹாரன் சத்தம், மனசில் நாலு கவலை. அத்தனையும் ஒரே மூச்சில் அந்தக் குரல் பதிவில் வந்து விழும். அதை அப்படியே டிராஃபிக் மேனேஜருக்கு ஃபார்வர்டு செய்வது வேலை ஆகாது. தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு "சரி, இப்ப என்ன பண்ணணும்கிற?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில்தான் ரிப்போர்ட்.

செய்முறையை ஒரு மாதிரிச் சம்பவத்தை வைத்தே பார்க்கலாம். ஓசூரில் ஏற்றிய 40 அடி கன்டெய்னர், தூத்துக்குடி துறைமுகம் போகிறது. துறைமுக கேட்டில் கட் ஆஃப், அதாவது கன்டெய்னரை உள்ளே எடுக்கும் கடைசி நேரம், 14ஆம் தேதி மாலை 6 மணி. 14ஆம் தேதி பிறந்து நாற்பது நிமிடத்தில் வருகிறது இந்தப் பதிவு:

"அண்ணே, வணக்கம்ணே, நாந்தான். இங்க ஒரே ரோதனையா இருக்குண்ணே. பாளையம் டோல் தாண்டி ஒரு பத்து நிமிசம் நல்லாத்தான் வந்தேன், அப்புறம் பார்த்தா எல்லாம் நிக்குது. கணவாய்ல, ரெட்டைப் பாலத்துகிட்ட, எவனோ வெங்காய லோடைக் கவுத்துட்டானாம். எண்ணெய் வண்டி ஒண்ணு மோதிடுச்சுன்னும் சொல்றாங்க. நான் பார்க்கல, முன்னாடி நிக்கிற கர்நாடகா வண்டிக்காரரு நடந்து போய்ப் பார்த்துட்டு வந்தாரு. ஒரு மணி நேரமா நிக்குதுண்ணே. கிரேன் சேலத்துல இருந்து வருதாம். போலீஸ் காரை மட்டும் விடறாங்க, நம்மள விடல. இதுல பின்னாடி ரைட்டுல உள் டயரு காத்து கம்மியாத் தெரியுது, டோல்லயே பார்த்தேன். படிக்காசு நேத்தே கேட்டேன், போடல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தூத்துக்குடி போறது சந்தேகந்தாண்ணே. பார்த்துச் சொல்லுங்க."

முதல் முறை எழுதாமல் கேளுங்கள். இந்தச் சுற்றில் தேடவேண்டியது ஒன்றே ஒன்று: ஆளுக்கு ஆபத்தா, இல்லையா. ரத்தம், தீ, கேஸ் வாடை, அடிதடி, டிரைவருக்கு நெஞ்சுவலி, இதில் எது காதில் பட்டாலும் ரிப்போர்ட் பிறகு, முதலில் போன். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. மேலே உள்ள பதிவில் 'எண்ணெய் வண்டி' என்ற சொல் அந்த வகை. கடலை எண்ணெயா, டீசலா என்று தெரியாதவரை அதை டீசல் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை கேட்கும்போது காகிதத்தில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, அவராகக் கணிப்பது. இதற்கு நம் பேச்சுத் தமிழே கைகொடுக்கும். 'கவுத்துட்டானாம்', 'வருதாம்' என்று முடிந்தால் கேள்விப்பட்டது; 'விடல', 'நிக்குது' என்றால் கண்ணெதிரே நடப்பது; 'சந்தேகந்தான்' என்றால் கணிப்பு. டிரைவர்கள் இதைத் தெரிந்தே சரியாகத்தான் பிரித்துச் சொல்கிறார்கள். எழுதுகிறவர்தான் 'வருதாம்' என்பதை 'கிரேன் வந்துகொண்டிருக்கிறது' என்று உறுதியாக்கிவிடுகிறார். அந்த ஒரு சொல்லை நம்பி மேனேஜர் ஒரு மணி நேரம் சும்மா காத்திருப்பார். கிரேன் கிளம்பவே இல்லை என்று விடிந்த பிறகு தெரியவரும். புதியவர்கள் செய்கிற தவறுகளில் அதிக நஷ்டம் வைப்பது இதுதான்.

கேள்விப்பட்டதற்குள்ளும் தரம் உண்டு. நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்த முன்வண்டி டிரைவர் சொன்ன வெங்காய லாரி ஓரளவு நம்பத்தக்கது. 'சொல்றாங்க' என்று பொதுவாக வந்த எண்ணெய் வண்டி அப்படி இல்லை. யார் சொன்னது என்று நாலு எழுத்தில் பக்கத்தில் குறித்துவிட்டால் போதும்.

அடுத்தது இடம். 'டோல் தாண்டி', 'பைபாஸ்ல', 'பெட்ரோல் பங்க் கிட்ட' எல்லாம் டிரைவருக்கு இடம், ஆபீசுக்கு இடமல்ல. நடுத்திட்டு உள்ள நான்கு வழிச்சாலையில் எந்தப் பக்கம் என்பது தெரியாவிட்டால் மீட்பு வண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, திரும்புவதற்கு அடுத்த பாலம்வரை ஓடவேண்டியிருக்கும். அதனால் இடத்தை நான்கு துண்டாக எழுதுங்கள்: சாலை எண், எந்த ஊர் செல்லும் பக்கம், எந்த டோலுக்கும் எந்த டோலுக்கும் நடுவே, பிறகு நுணுக்கமான அடையாளம். நம் சம்பவத்தில் அது தேசிய நெடுஞ்சாலை 44, சேலம் செல்லும் பக்கம், பாளையம் டோலுக்கும் ஓமலூர் டோலுக்கும் நடுவே. நுணுக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லலாம். கணவாய், காடு என்று டேட்டா கிடைக்காத இடத்தில் கிலோமீட்டர் கல்லில் இருப்பதை அப்படியே வாசிக்கச் சொல்லலாம். தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குப் பச்சை. டைவர்ஷனில் மாறிப்போன வண்டி எந்தச் சாலையில் நிற்கிறது என்பதை இருட்டில் இந்த நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

நேரத்துக்கு வருவோம். டிரைவர் சொல்லும் நேரத்தில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, நள்ளிரவுக்குப் பிறகு வருகிற 'நாளைக்கு'. தூங்காத மனிதனுக்கு இன்னும் தேதி மாறவில்லை. 14ஆம் தேதி 00:40க்கு அவர் சொல்லும் 'நாளைக்கு மத்தியானம்' 15 அல்ல, 14 மத்தியானம்தான். ரிப்போர்ட்டில் 'இன்று', 'நாளை', 'காலை' எதுவுமே வேண்டாம். தேதியும் 24 மணிக் கணக்கும் போடுங்கள். இரண்டாவது, பதிவு பேசப்பட்ட நேரமும் உங்களுக்கு வந்து சேர்ந்த நேரமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. டவர் இல்லாத இடத்தில் பேசியது டவர் கிடைத்த பிறகுதான் வரும். 'இது எப்ப பேசினதுண்ணே?' என்று கேட்காமல் 'ஒரு மணி நேரமா நிக்குது' என்பதைக் கழித்துப் பார்த்தால் கணக்கு தப்பும்.

கையில் ஒரு சாட்சி ஏற்கெனவே இருக்கிறது. டோலில் ஃபாஸ்டேக் பணம் எடுத்ததும் ஓனர் நம்பருக்கு எஸ்எம்எஸ் வரும். அதில் டோல் பெயரும் நேரமும் இருக்கும். பாளையம் டோல் 23:34 என்று இருக்கட்டும். டிரைவர் அனுப்பிய லொகேஷன் டோலில் இருந்து 3 கி.மீ. காட்டுகிறது. லோடு வண்டிக்கு அது ஐந்தாறு நிமிட ஓட்டம். ஆகவே நின்றது 23:40. 'ஒரு மணி நேரமா' என்றது சரி, 'பத்து நிமிசம் நல்லா வந்தேன்' என்றது கொஞ்சம் தாராளம். இதற்காக டிரைவரைத் திருத்தவேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் சரியான எண் போனால் போதும்.

இப்போது திருப்பிக் கேட்க வேண்டியவை. மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலாவது கேள்விக்கு இன்னொரு மூன்று நிமிடப் பதிவுதான் வரும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கவே கூடாது. 'நிக்கும்போது மட்டும் பதில் சொல்லுங்கண்ணே' என்று முதலில் ஒரு வரி போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு சொல்லில் பதில் வருகிற மாதிரி இருக்கவேண்டும். 'அங்க நிலைமை என்னண்ணே?' என்று கேட்டால் கதை மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். இந்தச் சம்பவத்துக்கு இவை போதும்:

"அண்ணே, நம்ம வண்டிக்கு ஏதும் அடி உண்டா, சும்மா லைன்ல நிக்குதா?"
"எண்ணெய் வண்டின்னா டீசலா, சமையல் எண்ணெயா? கர்நாடகாக்காரர் கண்ணால பார்த்தாரா?"
"உள் டயரைக் கம்பியால தட்டிப் பாருங்க. வெளி டயர் மாதிரி சத்தம் வருதா, மந்தமா வருதா?"

முதல் கேள்வி அசட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் 'வண்டி நிக்குது' என்பது நெரிசலுக்கும் பொருந்தும், பிரேக்டவுனுக்கும் பொருந்தும். 'நம்ம வண்டி' என்பது அவர் ஓட்டுகிற வண்டியாகவும் இருக்கும், அதே கம்பெனியின் இன்னொரு வண்டியாகவும் இருக்கும். 'மோதிட்டான்' என்பதில் யார், யார்மேல் என்பது இல்லவே இல்லை. பேச்சில் எழுவாயை விட்டுவிடுவது நம் வழக்கம். எதிரே நின்று பேசினால் கை காட்டுவதில் புரிந்துவிடும், பதிவில் புரியாது. ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் 'எது' அல்லது 'யார்' இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை விரல்வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பதில் வருகிறது: வண்டிக்கு அடி இல்லை. டேங்கரை அந்தக் கர்நாடகாக்காரரும் பார்க்கவில்லை, யாரோ சொன்னதுதான். உள் டயர் மந்தமாகத்தான் கேட்கிறது.

இந்தக் கடைசிப் பதில்தான் அந்தப் பதிவிலேயே பெரிய விஷயம். நெரிசலைப் பற்றிய புலம்பலுக்கும் படிக்காசு மனக்குறைக்கும் நடுவே ஒரே மூச்சில் போய்விட்டது, அவ்வளவுதான். ஜோடி டயரில் உள் டயர் காற்று இறங்கினால் அதன் பங்குச் சுமையும் வெளி டயர் தலையில் ஏறும். காற்று இல்லாத டயர் மடங்கி மடங்கி ஓடிச் சூடேறும். வண்டி நிற்பதோ தொப்பூர் கணவாய் இறக்கத்துக்குச் சற்று முன்னால். நெரிசல் விலகியதும் லைனோடு லைனாக எல்லோரும் கிளம்புவார்கள். அப்போது டயருக்காக ஓரங்கட்ட எந்த டிரைவருக்கும் மனம் வராது. ஆகவே டயரைப் பார்க்க ஏற்ற நேரம், வண்டி நிற்கிற இந்த நேரம்தான். பேசியவர் எந்த வரிசையில் சொன்னார், எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்பதை வைத்து ரிப்போர்ட்டின் வரிசையை அமைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எழுதுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு பாக்கி. 'போறது சந்தேகம்' என்பதை வைத்து மேனேஜர் ஒன்றும் முடிவெடுக்க முடியாது. எத்தனை மணிக்குள் நகர்ந்தால் தப்பிக்கலாம் என்பதுதான் அவருக்கு வேண்டும். அங்கிருந்து தூத்துக்குடி சுமார் 420 கி.மீ. லோடு ட்ரெய்லருக்குச் சராசரி 40 கி.மீ. என்று வைத்தால் பத்தரை மணி நேரம். சாப்பாடு, டீ, ஓய்வுக்கு 2 மணி சேர்த்தால் பன்னிரண்டரை. கட் ஆஃப் 18:00. பின்னால் எண்ணினால் 05:30. கேட்டில் வரிசை இருக்கும் என்பதால் அரை மணி குறைத்து 05:00 என்று வையுங்கள். டிரைவர் பயந்த மாதிரி மத்தியானத்துக்குள் போய்ச் சேர்வது ஏற்கெனவே நடக்காது. ஆனால் சரக்குக்கு அதனால் நஷ்டமில்லை. ஐந்து மணிவரை அவகாசம் இருக்கிறது. பதிவைக் கேட்டவருக்குப் பதற்றம் வரும். ரிப்போர்ட்டைப் படித்தவருக்கு நான்கு மணி நேரம் கையில் இருப்பது தெரியும். இந்தக் கணக்கில் டிரைவர் நடுவே தூங்குவதற்கு இடமில்லை என்பதும் தெரியவேண்டும். லைனில் முழித்துக்கொண்டு நிற்பது ஓய்வு அல்ல. ஒற்றை டிரைவர் என்றால் அதையும் எழுதுங்கள்.

சரக்கோடு போகிற ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லையும் எட்டிப் பாருங்கள். சாதாரண சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு, மிச்சம் இருக்கும் துண்டுத் தூரத்துக்கும் ஒரு நாள். ஓசூரிலிருந்து தூத்துக்குடிவரை சுமார் 540 கி.மீ.க்கு மூன்று நாள். 13ஆம் தேதி போட்டது 16 நள்ளிரவுவரை செல்லும். இங்கே சிக்கல் இல்லை. முடியப்போகிற பில் என்றால், காலாவதிக்கு 8 மணி முன்னிருந்து 8 மணி பின்வரைதான் நீட்டிக்க முடியும். அப்போது காரணமும் வண்டி நிற்கும் இடமும் பின்கோடும் கேட்கும். அந்த நிலையில் ரிப்போர்ட்டின் இடம் வரியில் பின்கோடையும் சேர்த்துவிட்டால் காலை ஷிஃப்ட்காரர் தேடி அலையவேண்டாம்.

இனி ரிப்போர்ட்:

வண்டி 4417, ஓசூர்–தூத்துக்குடி, 40 அடி கன்டெய்னர். நிலவரம் 14ஆம் தேதி 00:55.
நிலை: 23:40 முதல் நெரிசலில் நிற்கிறது. வண்டியில் மோதல் சேதம் இல்லை என்கிறார் டிரைவர்.
உடனே: பின் வலது உள் டயரில் காற்றுக் குறைவு (தட்டிப் பார்த்தது). கணவாய் இறங்கும் முன் சரிசெய்ய வேண்டும்.
இடம்: தே.நெ. 44, சேலம் செல்லும் பக்கம், பாளையம் டோல் தாண்டி 3 கி.மீ. லொகேஷன் இணைப்பு.
பார்த்தது: போலீஸ் கார்களை மட்டும் விடுகிறது, லாரிகளை நிறுத்தியுள்ளது.
கேட்டது: இரட்டைப் பாலம் அருகே வெங்காய லாரி கவிழ்ந்துள்ளது (முன்வண்டி டிரைவர் நேரில் பார்த்தார்). டேங்கர் மோதல், சேலத்திலிருந்து கிரேன்: உறுதியில்லை.
பாதிப்பு: 05:00க்குள் நகர்ந்தால் 18:00 கட் ஆஃப் கிடைக்கும். ஒற்றை டிரைவர், ஓய்வு இல்லை. இ-வே பில் 16 நள்ளிரவுவரை.
முடிவு தேவை: டயருக்கு ஆள் அனுப்புவதா, சேலத்தில் மாற்று டிரைவரா, பின்னால் வரும் 2 வண்டிகளைத் தர்மபுரிக்கு முன் நிறுத்துவதா. அடுத்த தகவல் 02:00.

எட்டு வரி. கடைசி வரியில் கேள்விகள் இருக்கின்றன, பதில்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். பின்வண்டிகளை அரூர் வழியாகத் திருப்பிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வழியிலும் மஞ்சவாடி கணவாய் உண்டு. 40 அடி ட்ரெய்லரை அங்கே விடுவதா என்பதை அந்தச் சாலையை அறிந்தவர் சொல்லட்டும். யோசனை இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் கீழே, தனி வரியில், 'யோசனை' என்று பெயர்போட்டு எழுதுங்கள். நிலவரத்தோடு கலந்தால் அதுவும் டிரைவர் சொன்னது என்று ஆகிவிடும்.

'அடுத்த தகவல் 02:00' என்று போட்டுவிட்டு 02:00க்கு ஒன்றும் அனுப்பாமல் இருப்பதைவிட அந்த வரியே போடாமல் இருக்கலாம். மாற்றம் இல்லை என்றாலும் 'மாற்றமில்லை, 02:00' என்று ஒரு வரி போகவேண்டும். அப்போது மாறியதை மட்டும் எழுதுங்கள். எட்டு வரியையும் திரும்ப ஒட்டினால் எது புதிது என்று யாரும் தேடமாட்டார்கள்.

படிக்காசு எங்கே போயிற்று? அது இந்த ரிப்போர்ட்டில் வராது. கணக்குப் பிள்ளைக்குத் தனியாக ஒரு வரி போகும். ஆனால் டிரைவருக்கு அனுப்பும் பதிலில் அது கட்டாயம் வரவேண்டும். "அண்ணே, சொன்னதெல்லாம் எழுதிட்டேன். டயருக்கு ஆள் கேட்டிருக்கேன், லைன் நகர்ந்தாலும் அதைப் பார்க்காம இறங்காதீங்க. படிக்காசு காலைல கணக்குல கேட்டுச் சொல்றேன்." தான் சொன்னதில் பாதி காற்றில் போனது என்று தோன்றினால், அடுத்த முறை அவர் டயரைப் பற்றிச் சொல்லமாட்டார்.

நம் வண்டியே விபத்தில் சிக்கியிருந்தால் எழுதும் முறை கொஞ்சம் மாறும். டிரைவர் 'லேசா உரசிடுச்சு' என்றால் ரிப்போர்ட்டிலும் மேற்கோள் குறிக்குள் அதே சொல் போகட்டும். 'சேதமில்லை' என்றோ 'பலத்த சேதம்' என்றோ நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். யார்மேல் தப்பு என்பதையும் எழுதாதீர்கள். அவசரத்தில் 'டிரைவர் கவனக்குறைவு' என்று எழுதிய ஒரு சொல் இன்சூரன்ஸ் ஃபைலிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆளுக்கு அடி இல்லை என்றால் வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், கன்டெய்னர் சீல் நம்பர் தெரிகிற மாதிரி ஒன்றும் சேர்த்து. மூலக் குரல் பதிவை எக்காரணத்துக்கும் அழிக்கவேண்டாம். வண்டி எண், தேதி போட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவையுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள எந்த வரிக்கும் 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.